மின்காந்தத் தூண்டலை ஒரே தாளில் மடக்குவது எப்படி?

மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் நான்காவது அலகு மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும். இதில் மாறுதிசை மின்னோட்டத்தைத் தனித் தாளுக்கு ஒதுக்கிவிடுவோம். ஃபாரடே விதியில் தொடங்கி, கம்பிச்சுருளைக் காந்தப்புலத்தில் சுழற்றி மின்னியக்கு விசை பெறுவது வரைக்கும் உள்ள பகுதியை நீள நோட்டின் ஒரு தாளில் அடக்கலாம். மன்னார்குடியில் மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். அவர்களோடு சேர்ந்து வருடா வருடம் இந்தத் தாளை எழுதி, கிழித்து, மறுபடி எழுதியதில் தேறிய முறைதான் இங்கே இருப்பது.

முதலில் என் கதை. நான் பிளஸ் டூ எழுதிய வருடம், நீண்ட வரிச்சுருளின் தன் மின்தூண்டல் எண் கேள்வி வந்தது. பாடத்தில் அதற்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்றில் நீளம் பெருக்கலில் வரும், மற்றதில் வகுத்தலில் வரும். இரண்டையும் மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சை அறையில் இரண்டும் கலந்துவிட்டன. நடுவில் வழிமுறை நழுவியதும், விடை எனக்குத் தெரியுமே என்று கடைசி வரியை மட்டும் தைரியமாக எழுதிவிட்டு வந்தேன்.

```
L = μ₀ n² A / l
```

இது தப்பு. அரை நிமிடம் அலகைப் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அந்த அரை நிமிட வேலையை எப்படிச் செய்வது, அது எங்கே கை கொடுக்கும், எங்கே கை விரிக்கும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன். விதிகளும் வருவித்தல்களும் அதோடு சேர்ந்து வரும்.

தாளை எப்படிப் பிரிப்பது

தாளைப் படுக்கை வாட்டில் வைத்து மூன்றாக மடியுங்கள். இடது மடிப்பில் விதி, நடுவில் வருவித்தலின் எலும்புக்கூடு, வலது மடிப்பில் அலகு. மூன்று மடிப்புக்கும் சம அகலம் தேவையில்லை. நடு மடிப்புதான் அகலமாக இருக்க வேண்டும். படங்களைத் தாளின் பின்பக்கம் போடுங்கள். வருவித்தல் கேள்வியில் படமும் விடையின் பகுதி என்பதால், அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் முன்பக்கத்தில் படம் புகுந்தால் எழுத்துக்கு இடம் இருக்காது.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தாளை எழுதாதீர்கள். பிள்ளைகள் செய்யும் முதல் தப்பு இதுதான். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் அது சின்ன எழுத்தில் எழுதிய இன்னொரு புத்தகம், அவ்வளவுதான். பாடத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். நினைவுக்கு வராத இடத்தை வெற்றாக விடுங்கள். அப்புறம் திறந்து பார்த்து அந்த வெற்றிடத்தை வேறு நிற மையால் நிரப்புங்கள். எந்த இடம் உங்களுக்கு நழுவும் என்பதை அந்த நிறமே காட்டிக்கொடுக்கும்.

தலை வரி: காந்தப்பாயம்

தாளின் தலையில், மூன்று மடிப்புக்கும் மேலே, ஒரே ஒரு வரி. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

```
Φ = B A cosθ
1 Wb = 1 T m² = 1 V s
```

மழை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒரு சல்லடையை அதற்குள் பிடித்துப் பாருங்கள். நீரோட்டத்துக்கு நேர் எதிராகப் பிடித்தால் முழுத் தண்ணீரும் சல்லடைக்குள் நுழைந்து போகும். சல்லடையைத் திருப்பி நீரோட்டத்தின் வாட்டத்துக்கே பிடித்தால் எதுவும் நுழையாது. B, A, cosθ மூன்றும் பெருக்கலில் வருவதற்கு இந்த அளவுக்கு உவமை போதும். ஆனால் இதற்கு மேல் இழுக்கக் கூடாது. காந்தப்பாயம் தண்ணீர் மாதிரி ஓடுகிற பொருள் இல்லை. சல்லடை வழியே தண்ணீர் சீராக ஓடினால் அங்கே ஏதோ நடக்கிறது. கம்பி வளையம் வழியே காந்தப்பாயம் மாறாமல் நின்றால் வளையத்தில் ஒன்றுமே நடக்காது.

θ என்பது எதற்கும் எதற்கும் இடையே உள்ள கோணம்? காந்தப்புலத்துக்கும் பரப்பின் செங்குத்துக் கோட்டுக்கும் இடையே உள்ளது. கேள்வியில் "சுருளின் தளம் காந்தப்புலத்துடன் 30° கோணத்தில் உள்ளது" என்று கொடுத்தால் θ 60° ஆகும். இதைத் தலை வரிக்குப் பக்கத்திலேயே சின்னதாக எழுதி வையுங்கள். cos30° போட்டுவிட்டு விடை பொருந்தவில்லையே என்று விழிக்கும் பிள்ளையை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

இரண்டாவது வரியில் உள்ள வெபர் = வோல்ட் நொடி என்பதுதான் இந்தப் பாடத்தின் சாவி. ஃபாரடே விதியை அலகில் மட்டும் எழுதினால் இதுதான் கிடைக்கும். காந்தப்பாயத்தை நேரத்தால் வகுத்தால் வோல்ட். அதனால் டெஸ்லா என்றால் சதுர மீட்டருக்கு வோல்ட் நொடி. ஹென்றி என்றால் ஆம்பியருக்கு வெபர், அதாவது ஆம்பியருக்கு வோல்ட் நொடி. கிலோகிராம் வரைக்கும் இறங்கி M L² T⁻² A⁻² என்று எழுதுவது, பரிமாண வாய்ப்பாடு கேட்டால் மட்டும். சரிபார்க்கும்போது வோல்ட், ஆம்பியர், நொடி, மீட்டர் நான்கோடு நிறுத்திக்கொள்வது வேகம்.

விதிகள்: மூன்றே வாக்கியம்

இடது மடிப்பை நிரப்ப அதிக நேரம் வேண்டாம். 1831-இல் ஃபாரடே கண்டதை இரண்டு விதியாகக் கேட்பார்கள். மூடிய சுற்றுடன் தொடர்புடைய காந்தப்பாயம் மாறும்போதெல்லாம் அதில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. அதன் எண்மதிப்பு, காந்தப்பாயம் மாறும் வீதத்துக்குச் சமம். மூன்றாவது லென்ஸ் விதி. தூண்டப்பட்ட மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில் இருக்கும்.

லென்ஸ் விதியை எழுதும்போது "மாற்றத்தை" என்ற சொல்லின் கீழ் கோடு போடுங்கள். "காந்தப்புலத்தை எதிர்க்கும்" என்று எழுதினால் தப்பு. காந்தத்தின் வட முனையைச் சுருளை நோக்கிக் கொண்டுபோனால், சுருளின் அந்தப் பக்கம் வட முனையாகித் தள்ளும். அதே காந்தத்தை விலக்கினால் அந்தப் பக்கம் தென் முனையாகி இழுக்கும். காந்தம் ஒன்றே, அதன் புலத்தின் திசையும் ஒன்றே. மாறியது மாற்றத்தின் திசை மட்டும்தான்.

லென்ஸ் விதி ஆற்றல் மாறா விதிக்கு ஏற்ப இருப்பதை நிறுவு என்ற கேள்வியும் இங்கேயே முடியும். எதிர்க்காமல் உதவினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். காந்தத்தை லேசாகத் தள்ளினாலே போதும், சுருள் அதை இன்னும் இழுக்கும், வேகம் கூடும், மின்னோட்டம் கூடும், இழுப்பு இன்னும் கூடும். எந்த வேலையும் செய்யாமல் ஆற்றல் ஊறிக்கொண்டே இருக்கும். அப்படி நடக்காது. எதிர்ப்பை மீறித் தள்ள நாம் செய்யும் வேலைதான் மின்னாற்றலாக மாறுகிறது.

நடு மடிப்பு: எலும்புக்கூடு எழுதும் விதம்

ஒரு வருவித்தலில் பத்து வரி இருந்தால் பத்தும் முக்கியம் இல்லை. எங்கே தொடங்குகிறோம், எந்த இடத்தில் திரும்புகிறோம், எங்கே போய் நிற்கிறோம் என்ற மூன்றும்தான் தாளில் இருக்க வேண்டும். மீதி வெறும் இயற்கணிதம். அது கை தானாகச் செய்யும். திருப்பம் என்று நான் சொல்வது, வேறொரு கருத்து உள்ளே வந்து கணக்கின் போக்கை மாற்றும் இடம். பெரும்பாலான வருவித்தலில் அது ஒன்றுதான் இருக்கும்.

வரிச்சுருளின் தன் மின்தூண்டல் எண்ணையே எடுத்துக்கொள்வோம். நான் கோட்டை விட்ட கேள்வி என்பதால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் வஞ்சம் உண்டு. நீளம் l, குறுக்குப் பரப்பு A, ஓரலகு நீளத்தில் n சுற்றுகள். மொத்தச் சுற்றுகள் N = nl.

```
தொடக்கம்:  B = μ₀ n i
           ஒரு சுற்றுக்கு Φ = B A = μ₀ n i A
திருப்பம்:  மொத்தம் NΦ = (n l)(μ₀ n i A)
முடிவு:    NΦ = L i  ⇒  L = μ₀ n² A l
```

திருப்பம் இருக்கும் மூன்றாவது வரியைக் கவனியுங்கள். n இரண்டு முறை வருகிறது. இரண்டுக்கும் காரணம் வேறு. ஒவ்வொரு சுற்றும் காந்தப்புலத்தை உண்டாக்குவதில் தன் பங்கைப் போடுகிறது, அதற்கு ஒரு n. அப்படி உண்டான புலத்தை ஒவ்வொரு சுற்றும் தன் பரப்புக்குள் வாங்கிக்கொள்கிறது, அதற்கு இன்னொரு n. கொடுப்பதில் ஒன்று, வாங்குவதில் ஒன்று. இது புரிந்துவிட்டால் n² என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சுற்றுகளை இரட்டித்தால் மின்தூண்டல் எண் ஏன் நான்கு மடங்காகிறது என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கும் இதே பதில்தான்.

தொடக்க வரியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. B = μ₀ni என்பது நீண்ட வரிச்சுருளுக்கு மட்டும். விட்டத்தைவிட நீளம் மிக அதிகமாக இருந்தால்தான் உள்ளே புலம் சீராக இருக்கும். "நீண்ட வரிச்சுருள்" என்ற சொல்லை விடையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். உள்ளே இரும்பு உள்ளகம் இருந்தால் μ₀ இருக்கும் இடத்தில் μ = μ₀μᵣ வரும்.

அடுத்தது ஓரச்சு வரிச்சுருள்கள் இரண்டின் பரிமாற்று மின்தூண்டல் எண். எலும்புக்கூடு ஏறத்தாழ இதுவேதான். கொடுப்பது ஒரு சுருள், வாங்குவது இன்னொன்று, அதனால் n² இருந்த இடத்தில் n₁n₂.

```
M = μ₀ n₁ n₂ A₂ l     (A₂ < A₁)
```

இங்கே திருப்பம் A₂. ஏன் சின்னப் பரப்பு மட்டும்? வெளிச்சுருளில் மின்னோட்டம் போனால் அதன் புலம் உள்சுருளின் பரப்பு முழுக்க நுழைகிறது. உள்சுருளுக்கு வெளியே இருக்கும் புலம் அதற்குக் கணக்கில் இல்லை. உள்சுருளில் மின்னோட்டம் போனால் அதன் புலம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது, வெளியே சுழி. அதனால் வெளிச்சுருளின் பரப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குக் கிடைப்பது A₂ அளவுதான். இரண்டு வழியிலும் A₂ வருவதால்தான் M₁₂ = M₂₁ என்று முடிக்க முடிகிறது. இதைச் சொல்லாமல் கடைசி வரியில் சமம் என்று போட்டுவிட்டு வருபவர்கள் நிறைய.

நேராக நகரும் தண்டில் தூண்டப்படும் மின்னியக்கு விசையை லாரன்ஸ் விசையிலிருந்து வருவிக்கச் சொல்வார்கள். தொடக்கம், தண்டோடு சேர்ந்து நகரும் எலக்ட்ரானின் மேல் காந்த விசை evB. அதனால் எலக்ட்ரான்கள் ஒரு முனையில் சேர்கின்றன, தண்டுக்குள் மின்புலம் உண்டாகிறது. திருப்பம், சேர்வது எப்போது நிற்கும் என்பது. மின்விசை eE, காந்த விசைக்குச் சமமானதும் நிற்கும். eE = evB, ஆகவே E = vB. முடிவு, நீளத்தால் பெருக்கினால் ε = Blv. "சமநிலை" என்ற ஒரு சொல்லைத் தாளில் எழுதினாலே இந்த வருவித்தல் முழுக்க நினைவுக்கு வந்துவிடும்.

சுழலும் கம்பிச்சுருளுக்கு NΦ = NBA cosωt என்று எழுதி வகையிட்டால் ε = NBAω sinωt. இதில் திருப்பம் என்று ஒன்றும் இல்லை, θ = ωt என்று போடுவது மட்டும்தான். மின்தூண்டியில் சேமிக்கப்படும் ஆற்றலுக்கு, மின்னோட்டம் 0-இலிருந்து i வரை ஏறும்போது Li di-ஐத் தொகையிட வேண்டும், ½Li² கிடைக்கும். இவ்வளவுதான் நடு மடிப்பு. மின்மாற்றிக்கு அங்கே இடம் வேண்டாம். இரண்டு சுருளிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் dΦ/dt ஒன்றே என்று தலை வரியிலிருந்து அங்கேயே வருவித்துவிடலாம்.

வலது மடிப்பு: அலகு சோதனை

இப்போது அந்தப் பழைய தப்புக்கு வருவோம். μ₀-இன் அலகை ஹென்றி/மீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வடிவங்களும் உண்டு, ஆனால் இந்தப் பாடத்துக்கு இதுதான் தோது. n என்பது மீட்டருக்கு இத்தனை சுற்று, அதனால் அதன் அலகு m⁻¹. மீட்டரின் அடுக்குகளை மட்டும் கூட்டினால் போதும்.

```
μ₀ n² A l  :  H m⁻¹ · m⁻² · m² · m  = H      ✓
μ₀ n² A/l  :  H m⁻¹ · m⁻² · m² · m⁻¹ = H m⁻²  ✗
μ₀ N² A/l  :  H m⁻¹ · m² · m⁻¹ = H           ✓
```

இரண்டாவது வரிதான் நான் எழுதியது. மீட்டர் இரண்டு மிச்சம் நிற்கிறது. மூன்றாவது வரியும் சரி, காரணம் n = N/l. சிற்றெழுத்து n என்றால் நீளம் மேலே, பேரெழுத்து N என்றால் நீளம் கீழே. இரண்டில் எதை எழுதினாலும் சரிதான், கலக்கக் கூடாது.

Blv-ஐயும் இப்படியே போட்டுப் பாருங்கள். டெஸ்லா பெருக்கல் மீட்டர் பெருக்கல் மீட்டர்/நொடி. அது T m²/s, அதாவது Wb/s, அதாவது வோல்ட். ½Li²-க்கு ஹென்றியை V s/A என்று எழுதினால் V A s வரும், அது ஜூல். L/R-க்கு நொடி வரும். ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடிகிற வேலை. இதை விடைத்தாளில் எழுத வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தால் போதும்.

ஒருநாள் இதைச் சொல்லி முடித்ததும் ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். "சார், அலகு சரியா வருது. ஆனா விடை தப்புன்னு போட்டிருக்கீங்களே?" அவன் எழுதியிருந்தது L = μ₀NA/l. அலகைப் போட்டுப் பார்த்தேன். ஹென்றிதான் வருகிறது! "தம்பி, N-க்கு அலகு உண்டா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல சார், அது வெறும் எண்ணிக்கை" என்றான். அப்படியானால் N ஒன்று போட்டாலும் இரண்டு போட்டாலும் அலகுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து வலது மடிப்பின் அடியில் ஒரு கட்டம் போட்டு, அலகு சோதனையில் மாட்டாத தப்புகளைத் தனியாக எழுத வைக்கிறேன். இந்தக் கட்டம் இல்லாத தாள் அரைத் தாள்தான்.

முதலாவது அந்த N. அதைப் பிடிக்க, கொடுப்பதில் ஒன்று வாங்குவதில் ஒன்று என்று எண்ண வேண்டும். இல்லாவிட்டால் N-க்குப் பதில் n-ஐ வைத்து எழுத வேண்டும். n-க்கு மீட்டர் இருப்பதால் ஒன்று குறைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். வருவித்தலை சிற்றெழுத்து n-இல் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, ½ போன்ற எண் கெழுக்கள். Li² என்று எழுதினாலும் ஜூல்தான். மூன்றாவது, கழித்தல் குறி. லென்ஸ் விதி முழுக்க அந்தக் குறியில்தான் இருக்கிறது, அலகு அதைக் கண்டுகொள்வதே இல்லை. நான்காவது, பரிமாற்று மின்தூண்டலில் A₂-க்குப் பதில் A₁ போடுவது. இரண்டும் சதுர மீட்டர்தான், சோதனை தலையாட்டிவிடும்.

ஐந்தாவதுதான் அதிகம் காவு வாங்குவது. சுழலும் சுருள் கணக்கு ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 100 சுற்றுகள், பரப்பு 50 cm², காந்தப்புலம் 0.2 T, நிமிடத்துக்கு 3000 சுழற்சி. பெரும மின்னியக்கு விசை என்ன?

பரப்பு 50 × 10⁻⁴ = 5 × 10⁻³ m². NBA = 100 × 0.2 × 5 × 10⁻³ = 0.1 Wb. நிமிடத்துக்கு 3000 என்றால் நொடிக்கு 50. இந்த 50-ஐ நேராகப் பெருக்கி 5 V என்று எழுதுபவர்கள் வகுப்பில் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அலகைப் போட்டால் Wb × s⁻¹ = V, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 என்பது f. நமக்கு வேண்டியது ω = 2πf = 314 rad/s. சரியான விடை 31.4 V. சுழற்சி, ரேடியன் இரண்டுக்கும் பரிமாணம் கிடையாது. இரண்டுமே நொடிக்கு இத்தனை என்றுதான் வந்து நிற்கும். அதனால் 2π காணாமல் போனால் அலகு கூப்பாடு போடாது. "நிமிடத்துக்கு" என்ற சொல்லைக் கேள்வியில் பார்த்ததும் பக்கத்தில் 2π/60 என்று எழுதிவிடும் பழக்கம் மட்டும்தான் இதற்கு மருந்து.

மேட்டூரில் நம் தண்ணீர் சுழலிகளைத் திருப்பிவிட்டுத்தான் கல்லணைக்கு வருகிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரமும் நொடிக்கு 50 அலைவுதான். அந்த 50 கணக்குக்குள் வரும்போதெல்லாம் 314 என்று மாற்றிப் படியுங்கள்.

சதுர சென்டிமீட்டர்

வரிச்சுருளுக்கும் ஒரு எண் கணக்கு. நீளம் 50 cm, 500 சுற்றுகள், குறுக்குப் பரப்பு 4 cm². n = 500/0.5 = 1000 m⁻¹.

```
L = 4π×10⁻⁷ × (1000)² × 4×10⁻⁴ × 0.5
  = 2.5×10⁻⁴ H = 0.25 mH
```

4 cm²-ஐ 4 × 10⁻² என்று எழுதினால் 25 mH வரும், நூறு மடங்கு அதிகம். சென்டிமீட்டரை மீட்டராக்க 10⁻², சதுரத்துக்கு அதை இரண்டு முறை செய்ய வேண்டும். இது அலகு சோதனைக்குள் வரும் தப்புதான். ஆனால் கடைசி வரியில் H என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் பிடிபடாது. பிரதியிடும் வரியிலேயே ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் அதன் அலகை எழுதிக்கொண்டு போனால் அங்கேயே உறுத்தும். எண் கணக்கில் விடையோடு அலகை எழுதாவிட்டால் மதிப்பெண் குறைவதும் உண்டு.

இதோடு விடையின் பருமனையும் ஒரு பார்வை பாருங்கள். உள்ளகத்தில் காற்று மட்டும் இருக்கும் கைக்கடக்கமான சுருளுக்கு மில்லி ஹென்றி, மைக்ரோ ஹென்றி கணக்கில்தான் வரும். இரும்பு உள்ளகம் இல்லாத இந்தச் சின்னச் சுருளுக்கு முழு ஹென்றியில் விடை வந்தால், பத்தின் அடுக்கில் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள்.

எல்லை நிலையில் வைத்துப் பார்ப்பது

அலகு பிடிக்காததைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. வாய்ப்பாட்டில் ஏதாவது ஒன்றைச் சுழியாக்கி, விடை நமக்குத் தெரிந்த மாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு மொட்டை மாடியிலிருந்து 1 m நீளப் பித்தளைத் தண்டு ஒன்று கிடையாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரம் 5 m, g = 10 m/s². தரையைத் தொடும்போது வேகம் √(2gh) = 10 m/s. நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 4 × 10⁻⁵ T. தண்டு கிழக்கு மேற்காகக் கிடந்தால் ε = Blv = 4 × 10⁻⁵ × 1 × 10 = 4 × 10⁻⁴ V, அதாவது 0.4 mV.

இப்போது அதே தண்டைத் தெற்கு வடக்காக விழ விடுங்கள். பூமியின் கிடைத்தளக் கூறும் தெற்கு வடக்காகத்தான் இருக்கிறது. தண்டு புலத்துக்கு இணையாகிவிட்டது, புலக்கோட்டை வெட்டவே இல்லை. விடை சுழி வர வேண்டும். வெறும் Blv-இல் எண்களைப் போட்டால் மறுபடியும் 0.4 mV வருகிறது, அலகும் சரியாக இருக்கிறது. அப்படியானால் வாய்ப்பாட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. B, l, v மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்ற நிபந்தனைதான் அது. தாளில் Blv-க்குப் பக்கத்தில் "மூன்றும் செங்குத்து" என்று எழுதி வையுங்கள்.

சுழலும் சுருளில் sin-ஆ cos-ஆ என்ற சந்தேகம் வந்தாலும் இதே வழிதான். t = 0-இல் சுருளின் தளம் புலத்துக்குச் செங்குத்து, அதாவது θ = 0, காந்தப்பாயம் பெருமம். பெருமத்தில் நிற்கும் எதுவும் அந்தக் கணத்தில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாறும் வீதம் சுழி, மின்னியக்கு விசை சுழி. சுழியில் தொடங்குவது sin. சுருளின் தளம் புலத்துக்கு இணையாகும்போது காந்தப்பாயம் சுழி, மின்னியக்கு விசை பெருமம். பின்பக்கத்தில் இரண்டு வளைகோட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து, ஒன்றின் உச்சிக்கு நேராக மற்றது அச்சை வெட்டுமாறு புள்ளிக்கோடு போடுங்கள்.

அரையாண்டுக்கு முன்னால் முதல் தாளை எழுதிவிடுங்கள். டெல்டாவில் அந்தச் சமயம் மழை விடுமுறை எப்படியும் சில நாள் கிடைக்கும். மார்ச் தேர்வுக்குள் வெறுந்தாளில் இன்னும் இரண்டு முறை எழுதிப் பாருங்கள். இரண்டாம் முறையே வேறு நிற மை நான்கைந்து இடத்தில்தான் இருக்கும். என் பிள்ளைகளின் தாளில் அந்த மை கடைசி வரை போகாமல் நிற்கும் இடம் பெரும்பாலும் A₂-தான்.